இமயத்தில் ஏன் எரிமலை இல்லை?

உலக வரைபடம் ஒன்றில் மூன்று விஷயங்களைக் குறித்துப் பாருங்கள். பெரிய நிலநடுக்கம் வந்த இடங்களுக்குப் புள்ளி, எரிமலைகளுக்கு முக்கோணம், இளம் மடிப்பு மலைகளுக்குப் பழுப்பு வண்ணம். மூன்றும் கண்டபடி சிதறாமல் ஒடுங்கிய பட்டைகளாக, பெரும்பாலும் ஒரே தடங்களில் வரிசை கட்டி நிற்கும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி ஒரு வளையம். ஆல்ப்ஸில் தொடங்கித் துருக்கி, ஈரான், இமயம் வழியாக இந்தோனேசியா வரை ஒரு பட்டை. அட்லாண்டிக் கடலுக்கு நட்டநடுவே வடக்குத் தெற்காக ஒரு கோடு. இவைதாம் புவித்தட்டுகளின் எல்லைகள் என்று சொல்வதோடு பள்ளிப் பாடம் முடிந்துவிடும்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால், மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக வருவதில்லை என்பது தெரியும். ஆண்டிஸில் மூன்றும் உண்டு. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் நிலநடுக்கம் உண்டு, எரிமலை கிடையாது. இமயத்தில் உலகின் மிக உயரமான மடிப்பு மலைகளும் பயங்கரமான நிலநடுக்கங்களும் இருக்கின்றன, ஆனால் அதன் 2,400 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் எரிமலைகூட இல்லை. அங்கிருந்து கிழக்கே மியான்மர் வழியாகக் கீழே இறங்கி அந்தமானையும் சுமத்ராவையும் அடைந்தால், வரிசையாக எரிமலைகள்.

வேடிக்கை என்னவென்றால், இமயத்தில் முட்டுவதும் அந்தமானுக்கு அடியில் நுழைவதும் ஒரே இந்தியத் தட்டுதான். ஒரே தட்டு, ஒரு பக்கம் மலையை எழுப்புகிறது, இன்னொரு பக்கம் எரிமலையை மூட்டுகிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் உலக வரைபடத்தின் மற்ற பகுதிகளைப் பெரும்பாலும் நாமே படித்துவிடலாம். அதனால் நம் தட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தவறான படத்தை மனத்திலிருந்து அழிக்க வேண்டும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்பு கடல்போல் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதன்மேல் தட்டுகள் மிதக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையானால் நிலம் எங்கே விரிசல் விட்டாலும் எரிமலை வெடிக்க வேண்டும், இமயத்தில் இன்னும் அதிகமாக. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் என்ற பகுதி திடப் பாறைதான். மிகச் சூடாக இருப்பதால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக அசைந்து நகர்கிறது. அவ்வளவுதான், உருகிக் கிடக்கவில்லை. அதன் மேல்பகுதியும் மேலோடும் சேர்ந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள விறைப்பான பலகைகளாக இருக்கின்றன. இவைதாம் தட்டுகள். ஆகவே எரிமலையைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: திடமாக இருந்த பாறை இங்கே மட்டும் ஏன் உருகியது?

இன்னொரு விஷயமும் அடிப்படையில் தேவை. தட்டின்மேல் இருக்கும் மேலோடு இரண்டு வகை. கடலடி மேலோடு மெல்லியது, சுமார் 7 கிலோமீட்டர், ஆனால் அடர்த்தி அதிகம். கண்ட மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன், அடர்த்தி குறைவு. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனத்துப் போகிறது, கீழே உள்ள கவசத்துக்குள் அமிழ்ந்து போகும் அளவுக்கு. கண்டம் அப்படி அமிழாது. லேசாக இருப்பதால் மேலேயே நிற்கும். இந்தியத் தட்டு இந்த இரண்டையும் சுமக்கிறது. வடக்கு விளிம்பில் இந்தியக் கண்டம், கிழக்கு விளிம்பில் வங்கக் கடலின் அடித்தளம். வித்தியாசம் முழுக்க இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கிழக்கு விளிம்பை முதலில் பார்க்கலாம். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஒரு நீண்ட அகழி ஓடுகிறது. அது வடக்கே வளைந்து நிக்கோபார், அந்தமான் தீவுகளுக்கு மேற்காகச் செல்கிறது. இந்த அகழியில்தான் இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி வளைந்து, எதிரே உள்ள தட்டுக்கு அடியில் இறங்குகிறது. அது வெறும் பாறை மட்டும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கு அடியில் கிடந்ததால், அதன் தாதுக்களுக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. தட்டு சரிவாக இறங்க இறங்க வெப்பமும் அழுத்தமும் கூடுகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழம் போகும்போது அந்தத் தாதுக்கள் தண்ணீரை வெளிவிட்டுவிடுகின்றன. தண்ணீர் மேலே ஏறி, அங்கே இருக்கும் சூடான கவசப் பாறையில் கலக்கிறது.

உருகல் நடப்பது இங்கேதான். அந்த ஆழத்தில் உலர்ந்த கவசப் பாறை உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அங்கே அவ்வளவு சூடு இல்லை. ஆனால் தண்ணீர் கலந்துவிட்டால் சுமார் 1,000 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். அந்தச் சூடு அங்கே தாராளமாக இருக்கிறது. ஆக, இறங்கும் தட்டு உரசி உருகுவதால் எரிமலை வருகிறது என்று சில புத்தகங்களில் படிப்பது சரியில்லை. இறங்கும் தட்டு குளிர்ச்சியானது. உருகுவது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள கவசம், உருக வைப்பது அந்தத் தட்டு சுமந்துவந்த தண்ணீர்.

தட்டு 100 கிலோமீட்டர் ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே எரிமலைகள் வரிசையாக முளைப்பதற்கும் இதுதான் காரணம். சுமத்ராவில் அகழிக்கும் எரிமலை வரிசைக்கும் இடையே 250 முதல் 300 கிலோமீட்டர் இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் வரிசை அகழிக்கு நெருங்கி வரும், சாய்வாக இருந்தால் தள்ளிப்போகும். சுமத்ராவின் டோபா ஏரி, 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு மாபெரும் எரிமலையின் வாய். அதன் சாம்பல் படிவு இன்றும் ஆந்திரத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கிடைக்கிறது. இதே வரிசையில்தான் 1883-ல் வெடித்த கிரகட்டோவா இருக்கிறது. அந்தமானின் பாரன் தீவும் இதே வரிசைதான். இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில், ஆளில்லாத தீவு. கடலுக்கு மேலே 350 மீட்டர் அளவுக்குத்தான் தெரியும், மீதி மலை கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே போகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டு 1991-ல் மறுபடி கக்கத் தொடங்கியது.

இனி நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி 6 மணி 28 நிமிடம். அன்று நடந்தது என்ன என்பதைத் தட்டுகளின் கணக்கில் பார்ப்போம்.

இறங்கும் தட்டும் மேல்தட்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பின் மேல்பகுதி, அகழியிலிருந்து ஏறக்குறைய 40 அல்லது 50 கிலோமீட்டர் ஆழம் வரை, பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழ்த்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. விளிம்பு விடாமல் பிடித்திருப்பதால் மேல்தட்டும் அதோடு இழுபடுகிறது. மேசை ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை அழுத்திப் பிடித்தால் நுனி தாழ்ந்து பின்பகுதி வில்லாகப் புடைக்குமே, அப்படி. அகழியை ஒட்டிய நுனி கீழே இழுக்கப்பட, அதற்குப் பின்னால் உள்ள பகுதி நூறு, இருநூறு ஆண்டுகளாக மெல்ல மேலே உப்புகிறது. பிடி விட்டதும் எல்லாம் தலைகீழ். நுனி விடுபட்டு மேலே எழும்பும், பின்பகுதி சரிந்து தாழும்.

2004-ல் பிடி முதலில் விட்டது வடக்குச் சுமத்ராவுக்கு மேற்கே, சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில். அந்த உடைவு ஓரிடத்தில் நிற்கவில்லை. வடக்கு நோக்கி, நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. பத்து நிமிடம் போல் ஆயிற்று. சில இடங்களில் தட்டுகள் ஒன்றையொன்று தாண்டி 15 மீட்டருக்கு மேல் வழுக்கின. அளவு 9.1.

அது விட்டுச்சென்ற தடயங்கள் இந்த விளக்கத்துக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. அகழிக்கு அருகே உள்ள வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் ஒரு மீட்டருக்கு மேல் கடலை விட்டு எழும்பி, வெயிலில் வெளுத்துச் செத்தன. அகழியிலிருந்து தள்ளியிருக்கும் போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கிப்போக, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. கடலடி எழும்பிய இடத்தில் அதன் மேல் இருந்த நீர் மொத்தமும் தூக்கப்பட்டது. அந்த நீர்தான் எட்டுத் திசையும் பரவிய ஆழிப்பேரலை. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சென்னைக் கரையை அது தொட்டபோது காலை 9 மணி தாண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலநடுக்கமும் அதே வட்டாரத்தில் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சென்னையில் அலுவலகக் கட்டடங்கள் ஆடி, ஊழியர்கள் தெருவுக்கு ஓடிவந்தது பலருக்கு நினைவிருக்கும். அளவு 8.6. அன்றே 8.2-ல் இன்னொன்று. சுனாமி எச்சரிக்கை வந்தது, கடற்கரையைக் காலி செய்தார்கள். ஆனால் வந்த அலை மிகச் சிறியது. காரணம், அந்த உடைவு அகழியில் நடக்கவில்லை. அகழிக்கு மேற்கே, தட்டுக்கு உள்ளேயே நடந்தது. அங்கே பாறைகள் கிடைமட்டமாகப் பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி மேலே எழும்பவில்லை. எழும்பாவிட்டால் நீரைத் தூக்க எதுவும் இல்லை. நிலநடுக்கத்தின் அளவு மட்டும் சுனாமியைத் தீர்மானிப்பதில்லை, எந்த எல்லையில் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நிலநடுக்கத்தின் ஆழமும் பேசும். சுமத்ராவில் அகழியை ஒட்டி வரும் நடுக்கங்கள் மேலோட்டமானவை. கிழக்கே நகர நகர அவற்றின் ஆழம் கூடிக்கொண்டே போகும். ஜாவாவுக்கு வடக்கே கடலில் 600 கிலோமீட்டர் ஆழத்தில்கூட நடுக்கம் பதிவாகிறது. எல்லாவற்றையும் பக்கவாட்டு வெட்டுப்படத்தில் குறித்தால் சரிவான ஒரு பலகையின் வடிவம் தானாகத் தெரியும். ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கியோ வாடாட்டி தம் நாட்டுக்கு அடியில் இந்தச் சரிவை 1930-களிலேயே கண்டார். தட்டுக் கோட்பாடு அப்போது பிறக்கவே இல்லை, அதனால் சரிவு எதன் சரிவு என்பது விளங்க முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அது விளங்கிய கதையில் நம் கொடைக்கானலுக்கும் சிறு பங்கு உண்டு. 1960-களில் பிற நாடுகளின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க, அமெரிக்கா உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே மாதிரியான நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை வைத்தது. கொடைக்கானல் அவற்றில் ஒன்று. குண்டு தேட வைத்த கருவிகள் நிலநடுக்க மையங்களை முன்பு இல்லாத துல்லியத்தோடு காட்டின. 1961 முதல் 1967 வரை பதிவான 29,000-க்கு மேற்பட்ட நடுக்கங்களைப் பராசங்கி, டோர்மன் என்ற இருவர் 1969-ல் ஒரே வரைபடத்தில் குறித்தார்கள். அந்தப் படத்தில் தட்டுகளின் எல்லையை யாரும் கோடு போட்டுக் காட்டவேண்டியிருக்கவில்லை, புள்ளிகளே கோடாக நின்றன.

சரி, இப்போது வடக்கே போவோம். ஒரு காலத்தில் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே டெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவுக்கு விரைந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. டெதிஸின் கடலடி ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது, இன்றைய சுமத்ராவைப் போலவே. அப்படியானால் அன்று அங்கே எரிமலைகள் இருந்திருக்க வேண்டுமே? இருந்தன. லடாக்கில் லே நகரைச் சுற்றி நிற்கும் வெளிர்நிறக் கிரானைட் மலைகள் அந்த எரிமலைகளின் அடிவயிறு. மேலே கக்காமல் உள்ளேயே உறைந்த பாறைக்குழம்பு அது. மேலிருந்த எரிமலைகள் அரிபட்டுப் போக, வேர் வெளியே வந்து நிற்கிறது. திபெத்தின் தென்பகுதி நெடுகவும் இதே வகைக் கிரானைட் ஓடுகிறது. இமயத்தில் எரிமலை இல்லை என்பது இன்றைய நிலை. அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் எரிமலை வரிசையே இருந்தது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் கடல் தீர்ந்துபோனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த இந்தியக் கண்டம் ஆசியாவில் முட்டியது. கண்டம் லேசானது என்று முன்பே பார்த்தோம். கடலடியைப் போல் அது தன்போக்கில் கவசத்துக்குள் அமிழவில்லை. ஏற்கெனவே இறங்கியிருந்த கடலடித் தட்டு அறுந்து கீழே போய்விட, இந்தியா மிகக் குறைந்த சரிவில் திபெத்துக்கு அடியில் நுழையத் தொடங்கியது. இதனால் இரண்டு விஷயங்கள் நின்றுபோயின. தண்ணீர் ஊறிய கடலடி கீழே போவது நின்றது. தண்ணீர் போய்ச் சேரவேண்டிய சூடான கவசம் இரண்டு தட்டுகளுக்கும் இடையில் இல்லாமல் போனது, ஏனென்றால் இந்தியா திபெத்தின் அடியில் ஒட்டினாற்போல் கிடக்கிறது. எரிபொருளும் இல்லை, அடுப்பும் இல்லை. மேலோடு மட்டும் தடித்துக்கொண்டே போய், இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் இன்று 70 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது, சாதாரணக் கண்டத்தைப் போல் இரண்டு மடங்கு. அதன் உட்பகுதி சில இடங்களில் ஓரளவு உருகத்தான் செய்தது. எவரெஸ்டுக்குப் பக்கத்து மக்காலு சிகரம் அப்படி உருகி உறைந்த கிரானைட்டால் ஆனது. ஆனால் அந்தக் குழம்பு கெட்டியானது, அளவிலும் குறைவு, அத்தனை தடிமனைத் துளைத்து வெளியே வர முடியவில்லை. (வட திபெத்தில் சில சிறு எரிமலைகள் உண்டு. அவற்றின் கதை வேறு.)

மடிப்பு என்பது என்ன என்று பார்க்க ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே போதும்: சாளக்கிராமம். வைணவ வீடுகளில் பூசையில் இருக்கும் அந்தக் கருங்கல் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில், 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் முக்திநாத்தைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்கிறார்கள். கல்லுக்குள் தெரியும் சுருள் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் கடலின் அடிச் சேற்றில் புதைந்தது. அந்தச் சேறு களிப்பாறையாக இறுகி, இரண்டு கண்டங்களுக்கு நடுவே நசுங்கி, மடிந்து, அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றப்பட்டு, இன்று இமயத்தின் முதுகில் கிடக்கிறது. எவரெஸ்ட் உச்சியும் இப்படித்தான். அது 45 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடற்சுண்ணாம்புக்கல். உலகின் கூரையில் கடல் உயிரிகளின் துணுக்குகள் கிடப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் யாரிடமும் இல்லை.

இளம் என்ற அடைமொழி பாறையின் வயதைச் சொல்வதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. மடிந்த காலம்தான் இளமை. நீலகிரியின் பாறைகளும் பழையவைதான், 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை இன்று எந்தத் தட்டும் எதிரே நின்று நசுக்கவில்லை, அது மடிப்பு மலையும் இல்லை. அதனால்தான் அங்கே இமயத்தில் வருவதுபோல் பெரிய நடுக்கங்கள் வருவதில்லை.

இந்தியா இன்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. அதில் சுமார் 2 சென்டிமீட்டர் இமயத்திலேயே செலவாகிறது, மீதியைத் திபெத்தும் அதற்கு அப்பாலுள்ள நிலமும் வாங்கிக்கொள்கின்றன. கங்கைச் சமவெளியின் வடக்கு ஓரத்தில் தொடங்கி இமயத்துக்கு அடியில் மிகச் சாய்வாகப் போகும் ஒரு பிளவுப் பரப்பு இருக்கிறது. அதன் தெற்குப் பகுதி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்துக்கு, சுமத்ராவின் அகழியில் பார்த்தது போலவே பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா பகுதியில் அதில் ஒரு துண்டு விட்டது. அளவு 7.8. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்தது. அதற்கு வடக்கே உயர்ந்த மலைகள் சற்றுத் தாழ்ந்தன. அந்தமானில் பார்த்த அதே எழும்பலும் தாழ்தலும்தான், கடலுக்குப் பதில் நிலத்தில்.

நேபாளத்தின் மேற்குப் பகுதியில் கடைசியாக மிகப் பெரிய நடுக்கம் வந்தது 1505-ல். அந்த அளவுக்கு அதன்பின் அங்கே வரவில்லை. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் 500 ஆண்டுகளில் 10 மீட்டர். அவ்வளவு நகர்வு கடன்போல் நிலுவையில் இருக்கிறது. நிலுவை இருப்பதைத் தட்டுகளின் கணக்கு சொல்லும். எந்த ஆண்டு, எந்த மாதம் வசூலாகும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. நாள் குறித்துச் சொல்கிறேன் என்று யூடியூபில் வருபவர்களை நம்பவேண்டாம்.

ஆழத்திலும் இமயம் வேறுபடுகிறது. இங்கே நடுக்கங்கள் பெரும்பாலும் 20 கிலோமீட்டருக்குள், மேலோட்டமாக வருகின்றன. சேதம் அதிகமாவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் பகுதியில் 7.5 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. கோர்க்காவில் 9,000 பேர் வரை இறந்தார்கள். இந்துகுஷ் நடுக்கத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 400. வீடுகளும் மக்கள்தொகையும் வேறு என்பது உண்மைதான். ஆனால் இந்துகுஷ் நடுக்கம் 200 கிலோமீட்டருக்கும் கீழே உண்டானது. அதிர்வு மேலே வருவதற்குள் பரந்து தளர்ந்துவிட்டது. இமயத்தின் மேற்கு மூலையில் மட்டும் இப்படி ஆழமான நடுக்கம் வரக் காரணம், அங்கே தட்டின் ஒரு துண்டு இன்னும் செங்குத்தாகக் கீழே தொங்கிக்கொண்டிருப்பது.

இந்தச் சாவியை வைத்து மற்ற இடங்களைத் திறப்பது எளிது. ஆண்டிஸில் பசிபிக்கின் நாஸ்கா தட்டு, அதாவது கடலடி, தென் அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் இறங்குகிறது. தண்ணீர் போகிறது, எரிமலை வருகிறது. கண்டத்தின் விளிம்பு நசுங்குகிறது, மலையும் எழும்புகிறது. பிடித்துக்கொண்டு நிற்கும் பரப்பு மிக நீளம் என்பதால், கருவிகள் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பெரிய நடுக்கமான 9.5, 1960-ல் சிலியில் வந்தது. ஆல்ப்ஸ் இமயத்தின் வகையறா. ஜப்பான் சுமத்ராவின் வகையறா.

சான் ஆண்ட்ரியாஸில் இரண்டு தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உரசிப்போகின்றன. எதுவும் இறங்கவில்லை, அதனால் எரிமலை இல்லை. நேராக முட்டவும் இல்லை, அதனால் பெரிய மடிப்பு மலை இல்லை. பிடித்து விடும் நடுக்கம் மட்டும். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்தில், பிளவைக் குறுக்காகக் கடந்த வேலிகள் இரண்டரை மீட்டருக்குக்கூட விலகி, வேலியின் ஒரு பாதி ஓரிடத்திலும் மறுபாதி வேறிடத்திலும் நின்றன.

அட்லாண்டிக்கின் நடுவே தட்டுகள் விலகுகின்றன. இடைவெளியை நிரப்பக் கவசம் மேலே எழும்போது அதன்மேல் உள்ள அழுத்தம் குறைகிறது, சூடு ஏறாமலேயே உருகத் தொடங்குகிறது. எரிமலையை உண்டாக்க இது இரண்டாவது வழி, தண்ணீர் தேவையில்லை. ஐஸ்லாந்தில் இதைக் கடலுக்கு மேலேயே பார்க்கலாம். 1963-ல் அதன் தெற்கே கடலிலிருந்து சுர்ட்சி என்ற புதுத் தீவே எழுந்தது. விலகும் இடத்தில் தட்டு மெல்லியதாக, சூடாக இருப்பதால் நடுக்கங்கள் ஆழமில்லாதவை, பெரும்பாலும் சிறியவை. நசுக்கல் இல்லை, மடிப்பு மலை எப்படி வரும்?

எல்லாவற்றையும் எல்லைக்குள் அடைத்துவிட முடியாது. ஹவாய் எந்த எல்லையிலிருந்தும் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் தட்டின் நடுவில் இருக்கிறது. கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் ஒரு சூடான தூண் அங்கே எரிமலைகளைத் தருகிறது. தக்காணத்தின் கரும்பாறைப் பீடபூமியைக் கொட்டியதும் அப்படி ஒரு தூண்தான் என்கிறார்கள். அதே தூண் இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. 1993-ல் மகாராஷ்டிரத்தின் லாத்தூரிலும் 2001-ல் குஜராத்தின் பூஜ் பகுதியிலும் வந்த நடுக்கங்களும் எல்லைக்கு வெளியே வந்தவைதாம். வடக்கே முட்டும் அழுத்தம் தட்டு முழுக்கப் பரவி, எங்கெங்கே பழைய பிளவுகள் பலவீனமாகக் கிடக்கின்றனவோ அங்கே உடைக்கிறது. ராக்கி மலைகளைப் பாடப்புத்தகம் இளம் மடிப்பு மலைப் பட்டியலில் சேர்த்துவிடும். ஆனால் இன்றைய தட்டு எல்லை அவற்றுக்கு வெகுதூரம் மேற்கே போய்விட்டது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் குழம்புவார்கள்.

தமிழ்நாட்டுக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த எல்லைகளில் முக்கியமானது ஒன்றுதான். கிழக்குக் கரைக்குப் பெரிய சுனாமியை அனுப்பக்கூடிய அகழி சுமத்ரா–அந்தமான் அகழி. அங்கே கடலடியைத் தூக்கும் பெரிய நடுக்கம் வந்தால் நமக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குச் சில நிமிடங்களிலேயே நடுக்கத்தின் இடமும் அளவும் தெரிந்துவிடும் என்பதால், கரையைக் காலி செய்ய இந்த நேரம் போதும். நிக்கோபாரில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அகழி அவர்கள் காலடியிலேயே இருக்கிறது, அலை நிமிடக் கணக்கில் வந்துவிடும். நிற்க முடியாத அளவுக்கு நிலம் நீண்ட நேரம் ஆடினால், சைரனுக்காகவோ செல்பேசிச் செய்திக்காகவோ காத்திருக்காமல் உடனே மேட்டுக்குப் போவது ஒன்றுதான் அங்கே வழி.